பிள்ளை விட்ட செய்தி வரைவு முடிந்த பிறகு தெரிந்தால்

கேள்வி: ஐயா, நான் தேவகோட்டைப் பக்கத்தில் ஆவண எழுத்தராக இருக்கிறேன். ஒரு வளவு வீட்டுக்குப் பாகப்பத்திரம் எழுதும் வேலை வந்தது. தகப்பனார் 1959-இல் சொந்தச் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கிய வீடு. அவர் 1998-இல் உயில் எழுதாமல் காலமானார். வாரிசுச் சான்றிதழில் ஆச்சி, நான்கு ஆண்மக்கள், ஒரு மகள் என ஆறு பேர். மதிப்பு 1 கோடியே 20 லட்சம். ஆறு சமபங்காக, மூன்று வாரம் உழைத்து 26 பக்க வரைவு எழுதிப் பட்டாலையில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். கேட்டு முடித்த ஆச்சி, “மூணாவது பிள்ளையைத்தான் சின்ன வயசிலேயே பங்காளி வீட்டுக்குப் பிள்ளை விட்டாச்சே, அவனுக்கும் இதுல எழுதணுமா?” என்றார்கள். “இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?” என்று என்னை அறியாமல் சத்தமாகக் கேட்டுவிட்டேன். ஆச்சி அதன்பிறகு வாய் திறக்கவில்லை. மூன்றாமவர் சென்னையில் இருக்கிறார். பின்கட்டுக் காலிமனை அவருக்கு என்று அண்ணன்மார் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மறுபடி போகவேண்டும். எப்படிப் பேசுவது? வரைவில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

ஆச்சி எதையும் மறைக்கவில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நீங்கள் பேசப்போகும் தொனி அதிலிருந்துதான் வரவேண்டும். பிள்ளை விடுவதும் பிள்ளை கூட்டுவதும், அதாவது மகனைச் சுவீகாரம் கொடுப்பதும் எடுப்பதும், நகரத்தார் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவருபவை. ஆண்பிள்ளை இல்லாத பங்காளி வீட்டுக்குப் போன பையன் பெரும்பாலும் அதே ஊரில், சில வேளை அடுத்த தெருவிலேயே வளர்கிறான். பெற்றவளை அதன் பிறகும் ஆத்தா என்றே அழைக்கிறான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இரண்டு வீட்டுக்கும் வந்துபோகிறான். “உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?” என்று கேட்டால் அந்தத் தாய் ஐந்து என்றுதான் சொல்வாள், அது உண்மையும்கூட. நீங்கள் பெற்ற கணக்கைக் கேட்டீர்கள். பத்திரத்துக்கு வேண்டியிருந்தது வாரிசுக் கணக்கு. இரண்டும் வேறு வேறு என்பது உங்களுக்கும் எனக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தியே தவிர, எண்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணிக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி அன்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். “அவனுக்கும் எழுதணுமா?” என்ற ஐயம் ஆச்சிக்கு எப்போது எழுந்தது? மூன்றாம் மகனுடைய பெயரும் பங்கும் காதில் விழுந்த பிறகுதான். உங்கள் 26 பக்கங்களைப் படித்துக் காட்டியிராவிட்டால் பதிவு முடிந்து பத்தாண்டுகள் கழித்து, வீட்டை அடமானம் வைக்கப் போகும் இடத்தில் வங்கி வழக்கறிஞர் ஒருவர் அதைக் கண்டுபிடித்திருப்பார். ஆகவே வரைவு தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆறுதலுக்காக நான் இதைச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை நீங்கள் முதலில் சொல்லவேண்டிய வாக்கியமே இதுதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் கூடுவதற்கு முன்பே ஆச்சியிடம் தனியாகப் போய், “ஆச்சி, அன்றைக்கு நான் குரலை உயர்த்திப் பேசியது தவறு. நீங்கள் சொன்ன செய்தி சரியான நேரத்தில் வந்தது. பதிவுக்குப் பிறகு தெரிந்திருந்தால் உங்கள் பிள்ளைகள் எல்லோருக்குமே சிரமமாகியிருக்கும். நான்தான் முதல் நாளே பிள்ளை விட்டது உண்டா என்று கேட்டிருக்க வேண்டும்” என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். மூன்று வார உழைப்பைப் பற்றி அங்கே பேச வேண்டாம். மன்னிப்பையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம். இரண்டாவது முறை கேட்கும்போது உங்களைத் தேற்றும் பொறுப்பு ஆச்சியின் தலையில் ஏறிவிடும். அதே நேரத்தில், “பரவாயில்லை ஆச்சி, சின்னத் திருத்தந்தான்” என்று சொல்லிச் சமாளிக்கவும் கூடாது. பங்குக் கணக்கு முழுவதும் மாறப்போகிறது. சிறியது என்று சொல்லிவிட்டுப் பிறகு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தால் அவர்கள் உங்கள் அடுத்த வார்த்தையை நம்பமாட்டார்கள்.

அடுத்து, சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீங்கள் தெளிவாக வைத்துக்கொண்டால்தான் பேச்சு தடுமாறாமல் இருக்கும். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, சுவீகாரம் போன பிள்ளை அந்த நாள் முதல் சுவீகாரத் தகப்பனாரின் பிள்ளையாகிறார். பிறந்த குடும்பத்தோடு இருந்த உறவு சட்டத்தின் கண்ணில் அன்றோடு முடிகிறது. அதன்பின் காலமாகும் பெற்ற தகப்பனாருக்கு அவர் வாரிசு ஆகமாட்டார். ஆனால் அதே பிரிவு, சுவீகாரத்துக்கு முன்பே அவருக்கு வந்து சேர்ந்துவிட்ட சொத்து அவரிடமே இருக்கும் என்றும் சொல்கிறது. ஆகவே இந்த வீட்டுக்கு ஒரே ஒரு கேள்விதான் அடிப்படை: சுவீகாரம் 1998-க்கு முன்னா, பின்னா?

சின்ன வயதில் என்று ஆச்சியே சொல்லியிருக்கும்போது இதைக் கேட்பானேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். கேட்கத்தான் வேண்டும். பதினைந்து வயது நிரம்பாதவராகவும் திருமணம் ஆகாதவராகவும் இருக்கவேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் பொதுவிதி. ஆனால் வழக்காறு இடங்கொடுத்தால் அந்த இரண்டு வரம்புகளையும் தளர்த்திக்கொள்ள அதே சட்டம் அனுமதிக்கிறது. நகரத்தாரில் வளர்ந்தவர்களையும் மணமானவர்களையும் பிள்ளை கூட்டியது உண்டு. ஒரு தாய்க்கு முப்பது வயது மகனும் சின்ன வயதுதான். தகப்பனார் காலமான பிறகு சுவீகாரம் நடந்திருந்தால், 1998-இல் அவருக்குச் சேர்ந்த ஆறில் ஒரு பங்கு அவருடையதே. அப்போது உங்கள் பழைய வரைவில் உறவுமுறை வாசகத்தை மட்டும் திருத்தினால் போதும். (இது தகப்பனாரின் சொந்தச் சம்பாத்தியம் என்பதால் கணக்கு இவ்வளவு எளிதாக இருக்கிறது. பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தாக இருந்தால், பிறப்பால் வந்த உரிமை சுவீகாரத்தோடு போய்விடுமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லவில்லை. அத்தகைய வேலை வந்தால் வழக்கறிஞர் ஒருவரின் கருத்தை எழுத்தில் வாங்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.)

சுவீகாரம் நடந்த நாளை எப்படி உறுதி செய்வது? பதிவு செய்த சுவீகாரப் பத்திரம் இருந்தால், கொடுத்தவரும் கூட்டியவரும் அதில் கையெழுத்திட்டிருக்கும்பட்சத்தில், சுவீகாரம் முறைப்படி நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் நிரூபிக்கவேண்டும். பத்திரம் இல்லாமல் மஞ்சள் நீர் கொடுத்து நடந்த சுவீகாரமும் செல்லும். பிள்ளையைக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டதும் உண்மையில் நடந்திருக்கவேண்டும் என்பதே முக்கியம். அதற்கான தடயங்களை வீட்டிலேயே தேடலாம். அவருடைய பள்ளிச் சான்றிதழில் தகப்பனார் பெயர் என்ன? அவருடைய திருமணத்துக்கு எழுதிய இசைகுடிமானத்தில் யார் மகன் என்று எழுதியிருக்கிறது? கோயிலில் குடும்பக் கணக்காகப் பதியும் அவருடைய புள்ளி யார் வழியில் சேர்ந்திருக்கிறது? எல்லாவற்றுக்கும் முன்பாக, உங்கள் கோப்பில் ஏற்கெனவே இருக்கும் அவருடைய ஆதார் நகலை எடுத்து முன்னெழுத்தைப் பாருங்கள். அண்ணன் தம்பி மூவருக்கும் ஒரு முன்னெழுத்தும் அவருக்கு வேறொன்றும் இருக்கக்கூடும். இருந்தால், அந்தக் காகிதம் மூன்று வாரமாக உங்கள் மேசையில்தான் இருந்திருக்கிறது. ஆச்சியின் மேல் இன்னும் கொஞ்சம் வருத்தம் மிச்சமிருந்தால் அதுவும் அப்போது கரைந்துவிடும்.

வாரிசுச் சான்றிதழில் பெயர் இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். வட்டாட்சியர் அலுவலகச் சான்றிதழ், விசாரணையில் சொல்லப்பட்ட உறவைக் காட்டுவது. சொத்தில் உரிமை யாருக்கு என்று தீர்ப்பது அன்று. பெற்ற பிள்ளைகள் என்று கேட்டு எழுதியபோது அந்த அலுவலகத்திலும் நீங்கள் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள். ஆனால் சான்றிதழில் ஆறு பெயரும் பத்திரத்தில் ஐந்து பங்கும் இருந்தால் பதிவின்போதே கேள்வி எழும் என்பதால், அந்த வேறுபாட்டுக்கான காரணத்தைப் பத்திரத்தின் முன்னுரைப் பகுதியிலேயே எழுதிவிட வேண்டும்.

இனி வரைவுக்கு வருகிறேன். சுவீகாரம் 1998-க்கு முன்புதான் என்று உறுதியானதாக வைத்துக்கொள்வோம். 26 பக்கங்களையும் மேசையில் பரப்பிப் பாருங்கள். 1959 கிரயப் பத்திரத்திலிருந்து நீங்கள் எழுதிய மூல வரலாறு அப்படியே நிற்கும். வீட்டின் நான்கெல்லை, முகப்பு முதல் மூன்றாம் கட்டு வரையிலான அளவுகள், கிணற்றுக்கும் நடைபாதைக்கும் எல்லோருக்கும் உள்ள பொது உரிமை, வில்லங்க விவரம் ஆகியவையும் நிற்கும். இவைதான் உங்கள் மூன்று வாரத்தில் பெரும்பகுதியைத் தின்றவை என்பது என் ஊகம். விழுந்துபோவது நான்கு இடங்கள்: உறவுமுறை கூறும் முன்னுரை, பங்கு விகிதம், ஒவ்வொருவருக்கும் ஒதுக்கும் ஷெட்யூல், சரிக்கட்டும் பணம். குடும்பத்தாரிடம் இந்தக் கணக்கை இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். நிற்பதை முதலில், விழுவதைப் பிறகு. எல்லாமே வீணாகிவிட்டது என்ற அச்சத்தோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு மாற்றத்தின் எல்லை எதுவரை என்று தெரிந்துவிட்டால் பேச்சு நிதானமாக நடக்கும்.

பங்கு, ஆறில் ஒன்றாகிய 20 லட்சத்திலிருந்து ஐந்தில் ஒன்றாகிய 24 லட்சமாகிறது. ஆச்சி, மூன்று ஆண்மக்கள், மகள் ஆகிய ஐவருக்கும் தலைக்கு 4 லட்சம் கூடுகிறது. ஆனால் அது எங்கிருந்து வருகிறது? மூன்றாமவருக்கு என்று வைத்திருந்த பின்கட்டுக் காலிமனையிலிருந்து. அதன் மதிப்பு 20 லட்சம்; அதை ஐந்து கீற்றாகக் கிழிக்க முடியாது. ஒருவர் அதை எடுத்துக்கொண்டால் அவர் கையில் 40 லட்சம் ஆகும். அவர் மற்ற நால்வருக்கும் தலைக்கு 4 லட்சம், ஆக 16 லட்சம் கொடுத்துவிட்டால் எல்லோரும் 24-இல் வந்து நிற்பார்கள். எடுப்பவர் இல்லை என்றால் மனையை ஐவர் பெயரிலும் பிரிக்காமல் பொதுவில் நிறுத்தலாம். ஆனால் அடுத்த தலைமுறைக்கு ஒரு வழக்கை எழுதிவைப்பதற்கு அது ஒப்பாகும் என்பது என் கருத்து. இரண்டு வழியையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போங்கள், தேர்வை அவர்களிடம் விட்டுவிடுங்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் பங்கு வாரியாகக் கணக்காவதால் அந்தத் தொகைகளும் மாறும் என்று சொல்லி, புதிய கணக்கைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வரைவிலேயே அங்கங்கே அடித்துத் திருத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு இதேபோல் ஒன்று நேர்ந்தது. பங்கு வாசகத்தைத் திருத்தினேன், ஷெட்யூலைத் திருத்தினேன்; பின்னால் வில்லங்கம் எழுந்தால் ஈடு செய்வதாக உறுதி கூறும் பத்தியில் “நாம் அறுவரும்” என்று இருந்ததை விட்டுவிட்டேன். பதிவு நாளன்று எல்லோரும் வெளியூரிலிருந்து வந்து காத்திருக்க, பத்திரம் திரும்பியது. ஒருவர் விலகும்போது தரப்பு எண்களும் நகர்ந்துவிடுகின்றன. நேற்று 5-ஆம் தரப்பினராக இருந்தவர் இன்று 4-ஆம் தரப்பினர், ஆனால் பழைய பத்தி ஒன்று இன்னும் அவரைப் பழைய எண்ணிலேயே அழைத்துக்கொண்டிருக்கும். ஆகவே நிற்கும் பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, விழுந்த நான்கையும் வெற்றுத்தாளில் புதிதாக எழுதுங்கள். முடித்த பிறகு, பொருளைப் படிக்காமல் எண்களை மட்டும் தேடி ஒருமுறை படியுங்கள்: அறுவர், ஆறு, 1/6, தரப்பு எண்கள், ஷெட்யூல் எழுத்துகள்.

மூன்றாமவரைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். அவருக்கு மனை என்று சொல்லியாகிவிட்டது. அவர் கேட்காமலே அவர் பெயரை வரைவிலிருந்து உருவிவிடுவது மனத்தளவிலும் தவறு, பத்திர அளவிலும் தவறு. சுவீகாரத்துக்கு எழுத்துச் சான்று குறைவாக இருந்தால், நாளை அவருடைய பிள்ளைகளே வாரிசுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு பங்கு கேட்கலாம். ஆகவே அவர் பத்திரத்தில் இருக்கட்டும், இடம் மட்டும் மாறட்டும். பங்கு பெறும் தரப்பாக இல்லாமல், ஒப்புதல் அளிக்கும் தரப்பாக அவர் கையெழுத்திட வேண்டும்: இன்ன ஆண்டில் இன்னாருக்குச் சுவீகாரம் போனதாகவும், தகப்பனாரின் இந்தச் சொத்தில் தமக்கு உரிமை இல்லை என்றும், இந்தப் பாகம் தம் அறிவோடும் சம்மதத்தோடும் நடப்பதாகவும் அவர் வாசகம் இருக்கவேண்டும். சுவீகாரத்துக்குச் சான்றே கிடைக்காத நிலையில் இந்த ஒப்புதலை மட்டும் நம்பவேண்டாம். அப்போது அவரை உரிமையுள்ளவராகவே கருதி, அவர் மனமுவந்து தருவதானால் தனியாக ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவதே பாதுகாப்பு.

அண்ணன்மார், “அவனும் எங்க கூடப் பிறந்தவன்தானே, சொன்னபடியே மனையைக் கொடுத்துவிடுகிறோம்” என்று சொல்லக்கூடும். சொன்னால் தடுக்காதீர்கள், ஆனால் பாகப்பத்திரத்துக்குள் அதை நுழைக்காதீர்கள். முதலில் ஐவரும் பாகம் செய்துகொள்ளட்டும். பிறகு மனையைப் பெற்றவர் அதை அவருக்குத் தனிப் பத்திரத்தில் தானமாக எழுதிக்கொடுக்கட்டும். மனையை அவருக்கே கொடுப்பது என்று ஐவரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டால் சரிக்கட்டும் பணத்தை எவ்வாறு வைத்துக்கொள்வது என்பதையும் அப்போதே பேசி முடித்துக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் ஒருவர் மட்டும் கொடுத்தவராகிவிடுவார். அந்தத் தானப் பத்திரத்துக்குக் குடும்பத்தாருக்கான தீர்வைச் சலுகை கிடைக்கும் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சட்டப்படி அவர் இப்போது வேறொருவரின் மகன். பதிவு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.

இந்தச் செய்தியை அவருக்கு நீங்கள் தொலைபேசியில் சொல்ல வேண்டாம். மூத்த அண்ணன் சொல்வதே முறை. நீங்கள் அவருக்கு வாசகத்தை மட்டும் தெளிவாக்கிக் கொடுங்கள்: “உன் பங்கை எடுத்துவிட்டோம்” என்று தொடங்காமல், “நீ பிள்ளை போனதை எழுத்தர் அறியாமல் எழுதிவிட்டார், சட்டப்படி கணக்கு வேறாக வருகிறது, உன்னிடம் பேசாமல் எதையும் முடிக்கவில்லை” என்று அவர் தொடங்கட்டும். தவறு உங்கள் பேரில் இருப்பதால் அண்ணன் தம்பிக்குள் கசப்பு வராது. அந்தச் சுமையை நீங்கள் ஏற்றுக்கொள்வது தகும், அதில் உண்மையும் இருக்கிறது. சுவீகாரம் போனவர், பிறந்த வீட்டில் இருந்திருந்தால் யாரை மணக்கக் கூடாதோ அவரை இப்போதும் மணக்கக் கூடாது என்று அதே 12-ஆம் பிரிவு சொல்கிறது என்பதையும் அண்ணனிடம் சொல்லிவையுங்கள். சொத்து வகையில் உறவை அறுத்த சட்டமே இரத்த உறவை மறந்துவிடவில்லை என்று தம்பியிடம் சொல்ல அவருக்கு அது உதவும்.

கூடுதல் எழுத்துக்கூலி பற்றி வெள்ளிக்கிழமை பேச வேண்டாம். புதிதாக எழுதவேண்டியவை எத்தனை பக்கம் என்று தெரிந்த பிறகு, மூத்தவரிடம் தனியாக, அந்தப் பக்கங்களுக்கு மட்டும் கேளுங்கள். நிற்கும் பகுதிக்கு இரண்டாம் முறை கூலி வாங்குவது நியாயம் ஆகாது.

உங்கள் விவரக் குறிப்புத் தாளில் இரண்டு வரிகளை இன்றே சேர்த்துவிடுங்கள்: “இந்த வீட்டிலிருந்து யாரையாவது பிள்ளை விட்டதுண்டா? வெளியிலிருந்து பிள்ளை கூட்டியதுண்டா?” ‘தத்து’ என்றும் ‘சுவீகாரம்’ என்றும் எழுதினால் சிலர் பத்திரம் எழுதியதைத்தான் கேட்கிறீர்கள் என்று எண்ணி இல்லை என்பார்கள், வீட்டில் புழங்கும் சொல்லிலேயே கேளுங்கள். உறவுமுறைப் பக்கம் ஒன்றை மட்டும் முதலில் எழுதி, வேறெதையும் தொடங்குவதற்கு முன், வீட்டில் மூத்த பெண்மணியிடம் படித்துக் காட்டுங்கள். இந்த வீட்டிலும் வெள்ளிக்கிழமை அப்படியே செய்யுங்கள். புதிய முன்னுரையில் சுவீகாரம் நடந்த ஆண்டுக்கும் பிள்ளை கூட்டியவர் பெயருக்கும் இடம் விட்டு எழுதிக்கொண்டு போய், ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வெற்றிடங்களை ஆச்சி சொல்லச் சொல்ல நிரப்புங்கள்.